சனிக்கிழமைப் பதிவு: அம்மாயியின் மூன்று வரிகள்

வணக்கம். சனிக்கிழமை ஹட்டனில் நம் அனிமேஷன் படத்துக்கான குரல் பதிவு. அம்மாயி கொழுந்துக் கூடையோடு மேடு ஏறி வரும் காட்சியை இப்போதே பழகி வையுங்கள்.

“ஏய் புள்ள, நில்லு!” கோபமில்லை, பயம். மூச்சை வெடுக்கென்று இழுத்து ஒரே வீச்சில் சொல்லுங்கள்.

“அங்கிட்டு மண்ணு சரியுது.” இதுதான் கஷ்டம். போன தடவை வரி முழுக்க இரைத்தபடி பேசினோம், ஒரு சொல்லும் விளங்கவில்லை. மேடேறி வந்தவருக்கு மூச்சு சொற்களுக்கு நடுவில்தான் முட்டும். ‘அங்கிட்டு’ என்றதும் வாயால் ஒரு குட்டி மூச்சு, அப்புறம் ‘மண்ணு சரியுது’ நிதானமாக, குரல் தணிந்து. பதிவுக்கு முன் 20 தடவை குந்தி எழும்புங்கள். நடித்த இரைப்பு தொண்டையில் உரசிக்கொண்டு கேட்கும், மைக் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

“வா, கையப் புடி.” நிம்மதி. மூச்சை முக்கால்வாசி விட்ட பிறகு, மிச்சக் காற்றில் பேசுங்கள். குரல் தானாக மென்மையாகும்.

பதிவைச் சுத்தம் செய்பவர்கள் மூச்சுகளை வெட்ட வேண்டாம். குரலைக் கேட்டுத்தான் படம் வரைகிறோம். அந்த இடங்களில்தான் அம்மாயியின் தோள் ஏறி இறங்கும்.