குரல் செய்தியில் வரும் சரக்குப் பட்டியல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வாட்ஸ்அப்பில் வரும் குரல் செய்திகளை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், எழுத்தாக மாற்றிப் படித்துவிடலாம், நேரமும் மிச்சம் என்று சென்ற இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். வசதி இருப்பது உண்மைதான். ஆனால் தமிழில் பேசி தமிழில் கேட்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அது எந்த அளவுக்கு உதவும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. விருதுநகரில் மளிகை மொத்த வியாபாரக் கடை ஒன்றில் ஆர்டர் எழுதுவது என் வேலை. சுற்று வட்டாரக் கடைக்காரர்கள் பட்டியலைத் தாளில் எழுதி அனுப்பிய காலம் போய், பெரும்பாலும் குரல் செய்திதான் வருகிறது. அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் எழுத்தாக்கம். 2024 நவம்பரில் வாட்ஸ்அப் இதை அறிவித்தது. Settings, அதில் Chats, அதற்குள் Voice message transcripts என்று போய் இயக்கிவிட்டு மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மொழிக்கான கோப்பு போனில் இறங்கும். குரலை எழுத்தாக்கும் வேலை முழுக்க நம் போனிலேயே நடக்கிறது, குரல் வெளியே எங்கும் போவதில்லை. இது நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் போனில் இறங்கிய மொழி எதுவோ அது மட்டும்தான் அதற்குத் தெரியும். அறிவிப்பு வந்தபோது ஆண்ட்ராய்டில் ஆங்கிலம், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், ரஷ்யன் போன்ற மொழிகள் இருந்தன. ஐபோனில் பட்டியல் நீளம். இரண்டிலும் தமிழ் இல்லை. எங்கள் கடைப் போன்களில் இன்னும் வந்த பாடில்லை.

ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு தமிழ்ச் செய்தியை மாற்றினால் என்ன ஆகும்? பல சமயம் Transcript unavailable என்று கைவிரித்துவிடும். அதுவாவது நேர்மை. சில சமயம் 'பருப்பு', 'மூட்டை' எல்லாவற்றுக்கும் ஓசையில் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஆங்கிலச் சொற்களைத் தேடிப் போட்டு ஒரு வாக்கியத்தைக் கட்டித் தந்துவிடும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: இந்த எழுத்து, பெற்றவர் திரையில் மட்டுமே தெரியும். அனுப்பியவர் பார்க்க முடியாது. ஆகவே தான் சொன்னது எப்படி எழுத்தானது என்று சரிபார்க்கக்கூடிய ஒரே ஆளுக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. ஆங்கிலத்திலேயே பேசினாலும் இந்தச் சிக்கல் இருக்கும்.

அடுத்தது வேகம். செய்தி ஓடும்போது அதன் ஓரத்தில் 1x என்று தெரியும். தொட்டால் 1.5x, மறுபடி தொட்டால் 2x, இன்னொரு முறை தொட்டால் பழைய வேகம். 2021இல் வந்த வசதி. குரல் கீச்சென்று மாறாமல், நேரம் மட்டும் சுருங்கும்படி செய்திருக்கிறார்கள். குசலம் விசாரிக்கும் செய்தி, கல்யாண வீட்டுக் கதை எல்லாவற்றுக்கும் 1.5x அருமை. ஆர்டருக்கு 2x வைத்தால் ஆபத்து. தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வித்தியாசமே ஒலிக்கும் நேரம்தான். இரட்டை வேகத்தில் 'ஆறு' பாதி நேரத்தில் முடிந்துவிடும். 'ரெண்டரை'யில் உள்ள 'ரை' காதில் விழுவதற்குள் 'மூட்டை' வந்துவிடும். வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அறுபது, எழுபது இரண்டும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வேகத்தைக் கூட்டத்தான் வழி இருக்கிறதே தவிர, 1xக்குக் கீழே குறைக்க வழியில்லை. காது மந்தமான எங்கள் முதலாளிக்கு வேண்டியது அதுதான்.

ஒரு சாதாரண ஆர்டர் செய்தி எப்படி வரும் என்று காட்டுகிறேன். "அண்ணே, உளுந்து ரெண்டரை மூட்டை போடுங்க, கடலைப்பருப்பு ஒரு மூட்டை, பாமாயில் டின்னு அஞ்சு... அப்புறம் போன தடவ வந்த வத்தல்ல காம்பு ஜாஸ்தி, பாத்து அனுப்புங்க... ஆங், டின்னு மூணு போதும்ணே." எழுதுகிறவர் வத்தல் புகார் தொடங்கியதும் ஆர்டர் முடிந்தது என்று நிறுத்தினால் இரண்டு டின் கூடுதலாகப் போய்விடும். ஆகவே எங்கள் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். முதல் முறை 1.5xஇல் கடைசிவரை கேட்டு, என்னென்ன சரக்கு என்று மட்டும் குறித்துக்கொள்வது. இரண்டாம் முறை 1xஇல், போனைக் காதில் வைத்து, அளவை எழுதுவது. காதருகே கொண்டுபோனாலே சத்தம் ஒலிபெருக்கியிலிருந்து, அழைப்பில் காதில் வைத்துக் கேட்கும் சின்ன ஸ்பீக்கருக்கு மாறிவிடும். கடைச் சத்தத்தில் இது பெரிய உதவி. பிறகு பட்டியலைத் தட்டச்சு செய்து, அந்தக் குரல் செய்திக்கே பதிலாக அனுப்பிவிடுவோம். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் தேடி எடுக்க எழுத்து வேண்டும். குரலுக்குள் 'உளுந்து' என்று தேட முடியாது.

குரல் செய்தியின் மைக் நீலமாகிவிட்டதே, ஆர்டர் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். நீலம் என்றால் செய்தி போட்டுக் கேட்கப்பட்டது, அவ்வளவுதான். படித்ததற்கான நீலக்குறியை அணைத்து வைத்தாலும் குரல் செய்திக்கான இந்த நீலத்தை அணைக்க முடியாது. கடைப்பையன் தவறுதலாகத் தொட்டாலும் நீலமாகும்.

அனுப்புகிறவர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். மைக்கை அழுத்திப் பிடித்தபடியே பேச வேண்டியதில்லை. அழுத்தி, விரலை மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். பிறகு இடையில் நிறுத்தி, சாக்கு எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வந்து தொடரலாம். அனுப்பும் முன் போட்டுக் கேட்கவும் செய்யலாம். சில ஆண்டுகளாகவே இந்த இரண்டும் உண்டு. பலருக்குத் தெரியாததால்தான் "இருங்கண்ணே... ஏய், அந்த மூட்டையப் பாரு" என்பதெல்லாம் எங்களுக்கு வந்து சேர்கிறது.

இரண்டாவது, எழுத்தே வேண்டும் என்றால் அதற்கு வேறு மைக் இருக்கிறது. செய்திப் பெட்டிக்கு வலப்பக்கம் உள்ள வட்டமான மைக் குரலை அனுப்பும். விசைப்பலகையின் மேல்வரிசையில் சின்னதாக இருக்கும் மைக் பேசுவதை எழுத்தாக்கும். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை 2017 முதல் தமிழில் இதைச் செய்கிறது. மொழிகளில் தமிழைச் சேர்த்துக்கொண்டால் போதும். பிழை வரும், வட்டாரப் பேச்சில் கொஞ்சம் அதிகமாகவே வரும். ஆனால் பிழை தெரிவது சொன்னவர் கண்ணுக்கு. ரெண்டரையா ரெண்டா என்பது அவருக்குத்தானே தெரியும்? அனுப்பும் முன் ஒரு விரலால் திருத்திவிடுவார். எங்கள் வாடிக்கையாளர்கள் சிலரை இதற்குப் பழக்கியிருக்கிறோம், அவர்கள் பட்டியலில் திரும்பக் கேட்க வேண்டி வருவது குறைவு.

குரலை எழுத்தாக்கித் தருகிறோம் என்று வேறு செயலிகளும், செய்தியை முன்னனுப்பச் சொல்லும் எண்களும் சுற்றுகின்றன. அவற்றில் பல, குரலை அவர்களுடைய சர்வருக்கு அனுப்பித்தான் மாற்றுகின்றன. விலை, பாக்கி, வங்கிக் கணக்கு பேசிய செய்தியை அங்கே தள்ளுவதை நான் ஒப்ப மாட்டேன்.

இனி இப்படி ஒரு வசதியைப் பற்றி எழுதும்போது எந்தெந்த மொழியில் வேலை செய்யும் என்பதையும் இரண்டு வரியில் சேர்த்துவிடுங்கள். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, தன் போனில் தமிழ் எங்கே என்று கேட்டு ஒரு கடைக்காரர் எனக்கு அனுப்பியதும் குரல் செய்திதான்.

இப்படிக்கு,
மளிகை மொத்த வியாபாரக் கடை ஊழியர்,
விருதுநகர்.