படத்தில் தேக்கு: ஒரு சாப்பாட்டு மேசையின் விளிம்பு

அன்புள்ள கதிர்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. மகள் தனிக்குடித்தனம் போகப் போகிறாள் என்ற செய்தியில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்காக நீ பார்த்து வைத்திருக்கும் பழைய மேசையை "முழுத் தேக்கு" என்று விற்பவர் சொல்கிறார், நீ ஆறு படம் அனுப்பிக் கேட்டிருக்கிறாய். கால்கள் கெட்டி மரம்தான் என்று தோன்றுகிறது. மேல்பலகை அப்படி இல்லை. வேறு பலகையின் மேல் வெனீர் என்ற மெல்லிய மரத்தாளை ஒட்டி, சுற்றிலும் மரச்சட்டம் வைத்திருக்கிறார்கள். எதை வைத்துச் சொல்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நாளைக்கு வேறொரு மேசையைப் பார்க்கப் போனால் நீயே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் படத்தில் மேசையின் முகத்தில் மலை மலையாக எழும் ரேகைகள் அழகாகத்தான் இருக்கின்றன. எல்லோரும் அதைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். ஆனால் முகத்து ரேகை அதிகபட்சம் சொல்வது ஒன்றே ஒன்று: மேலே இருப்பது உண்மையான மரத்தோல். அரை மில்லிமீட்டர் வெனீரும் தேக்கிலிருந்து சீவியதுதானே? சின்னச் சின்னக் கீறல் போன்ற நுண்துளைகள் அதிலும் இருக்கும். அதனால் நிறத்தையும் ரேகையையும் வைத்து முடிவு கட்டாதே.

அதே படத்தில் வேறொன்றைக் கவனி. 90 சென்டிமீட்டர் அகலம் நான்கு பட்டைகளாகப் பிரிகிறது. இரண்டாம் பட்டை முதல் பட்டையைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கிறது. மூன்றாவது மறுபடி முதலாவதுபோல, நான்காவது இரண்டாவதுபோல. முதல் பட்டையின் நடுவில் இருக்கும் சின்னக் கணு நான்கு பட்டையிலும் அதே உயரத்தில் வருகிறது. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய தாள்களில் மட்டுமே இப்படி அமையும், ஏனென்றால் ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையே வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான். கெட்டிப் பலகையையும் நடுவில் பிளந்து புத்தகம்போல விரித்து ஒட்டுவதுண்டு. அங்கே ரம்பமும் இழைப்புளியும் சில மில்லிமீட்டரைத் தின்றுவிடுவதால் இரண்டு பக்கமும் சாயலில் ஒத்திருக்குமே தவிர அச்சு அசலாக இருக்காது. அப்படி நான்கு பலகை வருவதற்கு வழியே இல்லை.

அதைவிடப் பெரிய சாட்சி மூன்றாம் படத்தில், மேசையின் குறுகிய பக்கத்தில் இருக்கிறது. கெட்டிப் பலகை என்றால் முகத்தில் நீளவாக்கில் ஓடிவரும் ரேகைகள் அந்தப் பக்கத்தை எட்டியதும் முடிந்து, மரத்தை குறுக்கே அறுத்த வெட்டுமுகம் தெரிய வேண்டும். வெட்டுமுகத்தில் நார் நீளமாகத் தெரியாது. ஊசியால் குத்தியதுபோலத் துளைகளும், வளையத்தின் துண்டுகளாக வளைந்த கோடுகளும் தெரியும். முகத்தில் ஒரு கருங்கோடு விளிம்பைத் தொடும் இடத்திலிருந்தே வெட்டுமுகத்தில் ஒரு வளைவு கிளம்பும். அந்தக் கோடு மடிந்து இறங்குவதை விரலால் தொட்டுத் தொடரலாம். உன் படத்தில் குறுகிய பக்கத்திலும் ரேகை இடமிருந்து வலமாக நீளமாக ஓடுகிறது. அது மேல்பலகையின் பகுதி இல்லை, தனியாக ஒட்டிய சட்டம்.

நான்காம் படத்தில் மூலையைப் பார். இரண்டு சட்டங்களையும் 45 பாகையில் சாய்த்து அறுத்துச் சேர்த்திருக்கிறார்கள். நான்கு பக்கமும் சட்டம், நான்கு மூலையிலும் சாய்வு மூட்டு, எங்கேயும் வெட்டுமுகம் இல்லை. கெட்டித் தேக்கில் இப்படிச் செய்தால் நிற்காது. மழைக்கும் வெயிலுக்கும் மரம் நீளத்தில் அநேகமாக அசையாது, அகலத்தில் விரிந்து சுருங்கும். 90 சென்டிமீட்டரில் அது சில மில்லிமீட்டர் வரும். அந்த இழுப்பில் மூலை மூட்டு வாய் பிளந்துவிடும், இல்லையென்றால் பலகையே வெடிக்கும். பழைய மேசையின் மூலை இன்னும் முடி நுழையாமல் மூடியிருக்கிறது என்றால், உள்ளே இருப்பது அசையாத பலகை. சட்டம் வைத்திருக்கிறதே என்பதற்காக மட்டும் எதையும் தள்ளிவிடாதே. கெட்டிப் பலகையின் இரு முனையிலும் குறுக்குச் சட்டம் கோர்ப்பது நல்ல தச்சுவேலை. ஆனால் அங்கே சாய்வு மூட்டு இருக்காது. குறுக்குச் சட்டத்தின் வெட்டுமுகம் நீளப் பக்கத்தில் தெரியும், பருவத்தைப் பொறுத்து அது பலகையைவிடக் கொஞ்சம் நீட்டிக்கொண்டோ உள்வாங்கியோ இருக்கும்.

அடிப்பக்கத்துப் படமும் இதையே சொல்கிறது. மேலே நான்கு கணு, கீழே ஒன்றுகூட இல்லை. 25 மில்லிமீட்டர் பலகையில் கிளைக்கணு வழக்கமாக ஊடுருவிக் கீழேயும் ஏறக்குறைய அதே இடத்தில் தலைகாட்டும். பல கெட்டிப் பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டிய மேசை என்றால், ஒட்டிய கோடுகளும் மேலும் கீழும் ஒரே இடத்தில் வர வேண்டும்.

எடையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது ஏமாற்றும். 150 × 90 × 2.5 சென்டிமீட்டர் தேக்கு சுமார் 22 கிலோ வரும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகை அதே அளவில் சுமார் 25 கிலோ. கனமாக இருப்பதே கெட்டி மரத்துக்கு அடையாளம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடு.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கால் பூட்டிய இடத்தில் ஒரு திருகாணியைக் கழற்றச் சொல். துளையில் டார்ச்சைச் சாய்த்து அடித்து, போனை ஒரு சாண் தூரத்தில் வைத்து, இரண்டு மடங்கு ஜூம் செய்து படம் எடு. வெளிர், கருமை என அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். அடுக்கே இல்லாமல் அட்டைபோல ஒரே பழுப்பு என்றால் எம்.டி.எஃப். சிராய்களை அள்ளி ஒட்டியதுபோல இருந்தால் பார்ட்டிக்கிள் போர்டு, அதை வாங்காதே, ஒரு தடவை கழன்ற திருகாணி அதில் மறுபடி உறுதியாகப் பிடிக்காது. நடுவில் மரத்துண்டுகளை அடுக்கிச் செய்யும் பிளாக் போர்டு மட்டும் குழப்பும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தோலுக்குக் கீழே மரக்கட்டையே தெரிவதால், அவசரமாகப் பார்த்தால் கெட்டி மரம் என்று தோன்றும். அலமாரி பார்க்கப் போனால் இவ்வளவு சிரமம் வேண்டாம். கதவின் உள்பக்கக் கீலுக்காகக் குடைந்த 35 மில்லிமீட்டர் குழியில் எல்லாம் தெரிந்துவிடும்.

கால்களுக்கு வருகிறேன். காலின் அடியைத் திருப்பி ஒரு படம் அனுப்பு. அழுக்கும் பாலிஷும் துளைகளை அடைத்திருக்கும். உப்புத்தாள் போட்டால் தூள் இன்னும் அடைத்துக்கொள்ளும். கூரான பிளேடால் ஒரு விரல்நகம் அளவு மெல்லச் சீவி, கொஞ்சம் ஈரத்துணியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடு. தேக்கு என்றால் ஒவ்வொரு ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும், பிறகு சிறியவை சிதறும். சாயமேற்றிய ரப்பர் மரத்திலோ அகேசியாவிலோ இந்த வரிசை இருக்காது, துளைகள் பரவலாகவே கிடக்கும். கெட்டியா ஒட்டா என்பதைப் படத்திலேயே திடமாகச் சொல்லிவிடலாம். தேக்குதானா என்பதை இந்தச் சீவிய வெட்டுமுகம் இல்லாமல் நான் சொல்ல மாட்டேன்.

படத்தை வாட்ஸ்அப்பில் அப்படியே போடாதே, டாக்குமென்ட்டாக அனுப்பு. சுருக்கி அனுப்பும்போது முதலில் அழிவது துளைகள்தான்.

மேசை மோசம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே பிளைவுட் இருந்து, சட்டம் ஆடாமல் இருந்தால் அவள் நிம்மதியாகப் பல வருடம் சாப்பிடலாம். தேக்கு மேசை விலை மட்டும் கொடுக்காதே. ஒன்று நினைவிருக்கட்டும்: தேய்ந்தால் இதை இழைத்துப் புதுப்பிக்க முடியாது. மெஷினில் உப்புத்தாள் போட்டால் அந்த அரை மில்லிமீட்டர் முதலில் மூலைகளில் கரைந்து, அடியிலிருக்கும் வேறு ரேகை திட்டாக எட்டிப் பார்க்கும்.

திருகாணித் துளை, காலடி, இரண்டு படமும் வந்ததும் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராசு