கிணற்று மேல் கம்பியில்லாத பீம்

காட்பாடி
வைகாசி, வெயில் இன்னும் குறையவில்லை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் தாமதம்தான், திட்டிக்கொள். அக்னி நட்சத்திரத்தில் இங்கே மதியம் பேனா பிடிக்கக்கூட மனசு வரவில்லை, பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு உனக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. வீட்டில் எல்லோரும் நலம். பெரியவள் ஆற்காட்டில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டாள், சின்னவன் இன்னும் கிரிக்கெட் கிரிக்கெட் என்று திரிகிறான். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

சரி, உன் மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். அணைக்கட்டுப் பக்கம் அவர் நிலத்துக் கிணற்றின் மேல் குறுக்கே ஒரு கான்கிரீட் பீம் போட்டிருக்கிறார், நடுவில் செயின் பிளாக் மாட்டி மோட்டாரைத் தூக்கப் போகிறார், கம்பி வந்து சேராததால் கம்பியில்லாமலே ஊற்றிவிட்டார்கள், தாங்குமா என்று கேட்டிருந்தாய். பீம் 200 மில்லி அகலம், 300 மில்லி உயரம், சுவருக்குச் சுவர் 3 மீட்டர், மோட்டார் பைப்போடு 300 கிலோ. எழுதியிருந்த அளவெல்லாம் போதும், படத்தில் பீம் நிமிர்ந்துதான் இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டேன்.

முதலில் கணக்கு. கான்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் சீக்கிரம் விட்டுவிடும், நம் டிப்ளமோ முதல் வருஷமே இதை உருப்போட்டோம். பீம் வளையும்போது மேல்பக்கம் அமுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது, விரிசல் அடியில்தான் பிறக்கும். அடி விளிம்பில் இழுவிசை எவ்வளவுக்கு வந்தால் பிளக்கும் என்பதற்கு நம் கான்கிரீட் விதிநூல் ஐ.எஸ். 456 சொல்லும் மதிப்பு, கான்கிரீட்டின் அமுக்க வலிமையின் வர்க்கமூலத்தை 0.7-ஆல் பெருக்கினால் வருவது. எம்20, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அமுக்கம் தாங்கும் கலவை என்று வைத்துக்கொண்டால் 20-இன் வர்க்கமூலம் 4.47, 0.7-ஆல் பெருக்கினால் சதுர மில்லிமீட்டருக்கு 3.13 நியூட்டன். அடி 3.13-இல் பிளக்கும்போது மேல்பக்கமும் அதே 3.13 அமுக்கத்தில்தான் இருக்கும், அதன் தாக்குப்பிடிப்போ 20. ஆக, மேல்பக்கம் தன் பலத்தில் ஆறில் ஒரு பங்குகூடக் காட்டுவதற்குள் கீழே கதை முடிந்துவிடுகிறது.

பீமை வளைக்கும் மொமென்ட் எவ்வளவுக்கு ஏறினால் விரிசல் விழும் என்றால், இதுதான்:

```
M = f × b × d² / 6
  = 3.13 × 200 × 300² / 6
  = 9.39 × 10⁶ N·mm = 9.39 kN·m
```

இதில் ஒரு பகுதியைப் பீம் தன் எடைக்கே தின்றுவிடும், நிறைய பேர் அதை மறந்துவிட்டுத்தான் கணக்குப் போடுகிறார்கள். கம்பியில்லாத கான்கிரீட் கன மீட்டருக்கு 24 கிலோநியூட்டன், இந்தக் குறுக்களவுக்கு மீட்டருக்கு 1.44. 3 மீட்டரில் நடுவில் வரும் மொமென்ட் 1.44-ஐ 3-இன் வர்க்கத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 1.62. மீதி 7.77. நடுவில் ஒற்றைச் சுமை தொங்கினால் மொமென்ட் சுமை பெருக்கல் நீளம் வகுத்தல் 4, அதைத் திருப்பிப் போட்டால் 10.4 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 1,050 கிலோ. அதாவது முதல் விரிசல் ஒரு டன்னுக்குச் சற்று மேல். மோட்டார் 300 கிலோதானே, மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறதே என்று உன் மச்சான் சிரிப்பார். சிரிக்க வேண்டாம் என்று சொல், ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று, எனக்கு இந்தக் கணக்கில் பிடித்த இடம். இதே பீமை 6 மீட்டருக்குப் போட்டால் பாதிச் சுமைதானே குறையும் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. சொந்த எடையின் மொமென்ட் நான்கு மடங்காகி 6.48-ஐ எடுத்துக்கொள்ளும், மீதி 2.91 மட்டும், அதை 6 மீட்டரில் பிரித்தால் நடுவில் 1.94 கிலோநியூட்டன், 200 கிலோ. மூன்று பேர் ஏறி நின்றால் போச்சு. 7.25 மீட்டரில் ஒரு ஈ உட்காரத் தேவையில்லை, தன் பாரத்திலேயே விரிசல் விடும். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் நாம் எத்தனை சாயங்காலம் உட்கார்ந்து அரட்டை அடித்திருக்கிறோம், தூண்கள் ஏன் இவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று அப்போது ஒருநாளும் கேட்டதில்லை. கல்லும் இந்த விஷயத்தில் கான்கிரீட்டின் அண்ணன்தான், இழுத்தால் பிளக்கும். தூண் தலையில் இருக்கும் போதிகை இரண்டு பக்கமும் கை நீட்டி உத்திரத்தின் நீளத்தைக் குறைத்துக் கொடுக்கிறது.

இப்போது ஏன் சிரிக்கக் கூடாது என்பது. நாலு வருஷம் முன்னால் என் யார்டில் இதே அளவில் ஒரு துண்டு, கம்பியில்லாமல், வேறு ஒரு வேலைக்காக ஊற்றி வைத்திருந்தேன். வேலை ரத்தானதும் சும்மா கிடந்தது. சரி, உடைத்துத்தான் பார்ப்போமே என்று இரண்டு பக்கமும் செங்கல் கட்டை கட்டி 3 மீட்டருக்குத் தூக்கி வைத்து, நடுவில் சங்கிலி போட்டுப் பலகை தொங்கவிட்டு, 50 கிலோ சிமெண்ட் மூட்டையாக ஏற்றினோம். பலகை தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான், பையன்களைப் பீமுக்கு அடியில் கை நீட்டக்கூட விடவில்லை. பத்து மூட்டை, ஒன்றுமில்லை. பதினைந்து, ஒன்றுமில்லை, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன், முடி அளவுகூடக் கோடு கிடையாது. பதினேழாவது மூட்டையைப் பையன் பலகையில் வைத்துக் கையை எடுத்தான், டப் என்று ஒரே சத்தம், இரண்டு துண்டு. முனகல் இல்லை, தொய்வு இல்லை, மண் உதிரவில்லை. கம்பியில்லாத பீமுக்கு முதல் விரிசலும் கடைசி விரிசலும் ஒன்றுதான் என்று வாத்தியார் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பலகை, சங்கிலி எல்லாம் சேர்த்து 880 கிலோ. திருப்பிக் கணக்குப் போட்டால் அடி விளிம்பில் 2.7 வந்திருக்கிறது, 3.13 இல்லை. ஏன் குறைந்தது? உடைந்த முகத்தைப் பார்த்தேன். பிளவு சரியாக நடுவில் இல்லை, ஒரு ஜாண் தள்ளி, அங்கே அடியில் ஜல்லி மட்டும் கோத்துக்கொண்டு குழைவு இறங்காத தேன்கூடு. பெரிய மொமென்ட் நடுவில் இருந்தாலும் பலவீனம் பக்கத்தில் இருந்தால் பிளவு அங்கே போய்விடும். இன்னொன்று, ஏழு நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு அப்புறம் வெயிலில் காயவிட்டிருந்தோம். நம்ம ஊர் வெயிலில் மேல்தோல் காய்ந்து சுருங்கப் பார்க்கும், உள்ளே ஈரமாய் இருக்கும் கான்கிரீட் விடாது, அதனால் சுமை ஏறுவதற்கு முன்னாலேயே தோல் இழுபட்டு நிற்கும். அந்த இழுப்பு நம் 3.13-இல் கழிந்துவிடுகிறது. லேபில் 150 மில்லி துண்டைத் தண்ணீரிலிருந்து எடுத்த ஈரத்தோடேயே மெஷினில் வைக்கச் சொல்வது இதனால்தான், நீ அன்றைக்கு டீ குடித்துவிட்டு வரலாம் என்று வெளியே வைத்துவிட்டுப் போனாயே, திட்டு எனக்கு விழுந்தது.

உன் மச்சான் பீமும் கை மிக்ஸ்தான், எம்20 என்பதே நம்பிக்கை மட்டும். அதனால் 1,050 என்பதை 800-க்கும் கீழே வைத்துப் பார். இனி மோட்டார் பக்கம் வா. 300 கிலோ என்பது எதிலும் மாட்டாமல் சும்மா தொங்கும்போது. சேற்றில் புதைந்திருந்தால், பைப் கிணற்றுச் சுவரில் மாட்டிக்கொண்டால், செயின் பிளாக் எவ்வளவு இழுக்கும்? ஒரு டன் செயின் பிளாக் என்றால் ஒரே ஆள் கையால் ஒரு டன் வரைக்கும் ஏற்றிவிடலாம், அதற்குத்தானே அது. கீழே பார்க்காமல் அவன் இழுத்துக்கொண்டே இருப்பான், மாட்டியது விடாது, சங்கிலி தாங்கும், கொக்கி தாங்கும், மூன்றிலும் முதலில் போவது பீம். திடீரென்று மாட்டியது விடுபட்டு மோட்டார் ஆடினால் அந்தக் குலுக்கல் தனி. இழுக்கிறவன் நிற்பது கிணற்று ஓரத்தில், பீமுக்குப் பக்கத்தில்.

கம்பி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீ கேட்பாய். விரிசல் விழும் சுமை பெரிதாக ஏறாது, ஏறக்குறைய அதே ஒரு டன்தான், இதைச் சொன்னால் மேஸ்திரிகள் நம்பவே மாட்டார்கள். வித்தியாசம் அதற்குப் பிறகு. கான்கிரீட் விட்ட இழுப்பைக் கம்பி வாங்கிக்கொள்கிறது. அடியில் 10 மில்லி கம்பி இரண்டு இருந்தாலே இந்தப் பீம் 14 கிலோநியூட்டன் மீட்டர் வரை நிற்கும், நமக்கு விரிசல் விழுந்தது 9.39-இல். 8 மில்லி இரண்டு போட்டால் 9.2 தான், விரிசல் விழுந்த கணமே கம்பியும் திணறும். குறைந்தபட்சக் கம்பி என்று ஐ.எஸ். 456-இல் ஒரு அளவு வைத்திருப்பது இதற்காகத்தான், அந்த அளவு இங்கே 109 சதுர மில்லி, இரண்டு 8 மில்லிக்கு 100 தான் வரும்.

அதனால் அந்தப் பீமில் செயின் பிளாக்கை மாட்ட வேண்டாம், அவ்வளவுதான். உடைத்தெடுக்கவும் வேண்டாம், இருக்கட்டும், அதைத் தொடாமல் பக்கத்தில் 150 மில்லி ஐ கர்டர் ஒன்று சுவருக்குச் சுவர் போடச் சொல், மூன்றரை மீட்டர் துண்டு 50 கிலோ சொச்சம், இரண்டு பேர் தூக்கி வைக்கலாம், ஒரு டன்னுக்கு நன்றாகவே போதும். முனையில் சாயாதபடி இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். ஏற்கெனவே மாட்டிப் பார்த்துவிட்டார் என்றால், பீமின் அடியிலும் இரண்டு முனையின் மேல்பக்கத்திலும் தண்ணீர் தெளித்துக் காயவிடட்டும், மற்ற இடம் வெளுத்த பிறகும் ஒரு கோடு மட்டும் கறுப்பாக நின்றால் அது விரிசல். முனைகள் சுவருக்குள் இறுகியிருந்தால் விரிசலுக்குப் பிறகும் சில சமயம் அப்படியே மாட்டிக்கொண்டு நிற்கும், பார்த்தால் நல்ல பீம் மாதிரி இருக்கும். அதை நம்பி யாரும் அடியில் இறங்கிவிடக் கூடாது.

ஞாயிறு நானே அணைக்கட்டு போகிறேன், மச்சான் நம்பரை அனுப்பு. வரும்போது இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் வாங்கி வருவேன், உனக்கு வேண்டுமென்றால் பெங்களூர் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.

உன்
குமரேசன்