குடிபுகுதல் விருந்து: 50 பேருக்கான சமையல்

உவர்மலை உறவுகளுக்கு வணக்கம். வரும் வியாழன் காலை 7.30 மணிக்கு எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம். பகல் 12 மணிக்கு மரக்கறிச் சாப்பாடு. வீட்டிலேயே சமைக்கிறோம்.

1. அரிசி 6 கிலோ, ஆளுக்கு 120 கிராம் கணக்கு. முதலில் 4 கிலோவை வடிப்போம். முதற்பந்தி அமர்ந்ததும் ஆட்களை எண்ணி, தேவையான அளவு மட்டும் மீண்டும் உலையில் போடுவோம்.

2. பருப்பு 1½ கிலோ, மரக்கறி 10 கிலோ. கறிகளைக் கூட்டினாலும் ஒருவர் உண்பது அதே 200 கிராம்தான், மிச்சமே கூடும். அதனால் நான்கு கறிகள், ஒவ்வொன்றும் 2½ கிலோ: கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிப் பால்கறி, பயற்றங்காய், வாழைக்காய்ப் பிரட்டல்.

3. பால்கறியும் சொதியும் 11 மணிக்குப் பிறகுதான். காலையிலேயே இறக்கி மூடிவைத்தால் நம் வெயிலுக்குப் புளித்துவிடும். நுரை கட்டியிருந்தால் பரிமாற வேண்டாம்.

4. வடை 110, பாயாசம் 7 லீற்றர்.

5. புதன் மாலை 5 மணிக்கு மரக்கறி நறுக்க வாருங்கள். கத்தரிக்காய் மட்டும் மறுநாள் காலையில்; முன்பே வெட்டினால் கறுத்துவிடும். பெரிய கிடாரம் ஒன்றும் தேவை.

பெரியவர் எத்தனை, சிறுவர் எத்தனை என்று திங்கள் இரவுக்குள் தயவுசெய்து எழுதுங்கள்.