எந்தப் பக்கத்திலிருந்து மூன்றாம் வாய்க்கால்?

கிராம அபிவிருத்திச் சங்கத்தினருக்கு,

வணக்கம். நான் கிளிநொச்சியிலிருந்து பார்சல் கொண்டுவரும் பெடியன். உங்கள் ஊர் நாய்களுக்கு என்னை நன்றாகத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லிவிட்டு ஒன்று கேட்கிறேன்.

பார்சலில் இருந்தது மருந்தடிக்கும் மெஷின். காசை வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். விலாசம் இதுதான்: “மூன்றாம் வாய்க்கால், பழைய சங்கக்கடையடி, வீட்டுத்திட்ட வீடு, முன்னால் வேம்பு.” சந்தியில் நின்று கோல் எடுத்தேன். தொடர்புகொள்ள முடியாது என்று மூன்று மொழியிலும் சொன்னார்கள்.

சரி என்று, றோட்டிலிருந்து மதகுகளை எண்ணிக்கொண்டு போய் மூன்றாவதில் இறங்கினேன். மழை விட்ட கிறவல் பாதை, முன்சில்லு சேற்றில் புதைந்தது. வீட்டுத்திட்ட வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. வேம்பு இல்லாத வளவு ஒன்றுதான் கண்ணில் பட்டது. சங்கக்கடை எங்கே என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முழித்தார்கள். படலை படலையாகக் கூப்பிட்டதில் முக்கால் மணித்தியாலம் போனது. கொடுத்து முடித்த பார்சலுக்குத்தான் எனக்குக் காசு. திருப்பிக் கொண்டுபோனால் பெற்றோல்கூடக் கிடைக்காது.

கடைசியில் வரம்பில் மாடு கட்டிக்கொண்டிருந்த ஐயா ஒருவர் சிரித்தார். “சங்கக்கடை சண்டையோட போட்டுது தம்பி. இப்ப அதில கோழிக்கூடுதான் இருக்கு. நீர் றோட்டால எண்ணி வந்தனீர் போல. வாய்க்காலை மடையாலதான் எண்ணவேணும். தண்ணி முதல்ல பாயிறதுதான் ஒண்டு.”

அங்கே மொத்தம் ஏழு வாய்க்கால். றோட்டிலிருந்து மூன்றாவது என்று நான் நின்றது மடையிலிருந்து ஐந்தாவது. இன்னும் இரண்டு மதகு தாண்ட வேண்டியிருந்தது. முறைத் தண்ணீருக்குக் காத்திருக்கும் கமக்காரனுக்கு இந்தக் கணக்குப் பிழைக்காது. வெளியிலிருந்து வருகிறவனுக்குத்தான் பிழைக்கும்.

போய்ச் சேர்ந்தபோது அக்கா வாசலிலேயே நின்றார். அவருடைய போன் காலையில் வயல் தண்ணீருக்குள் விழுந்துவிட்டதாம். உலரட்டும் என்று அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு மதகுச் சுவரிலும் வாய்க்கால் இலக்கத்தைப் பெயின்றால் எழுதிவிடுங்கள். மடையிலிருந்து எண்ணும் உங்கள் கணக்கையே எழுதுங்கள். எங்களுக்காக றோட்டிலிருந்து மாற்றி எண்ணினால், அடுத்த முறை ஊர்க்காரர் எழுதும் விலாசமும் பிழைத்துவிடும். எழுத்து றோட்டுப் பக்கம் பார்த்திருக்கட்டும், உள்பக்கம் என்றால் மாரியில் புல் மூடிவிடும். அப்புறம், ஓடர் போடுகிறவர்களிடம் பக்கத்து வீட்டுப் போன் நம்பரையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

பெயின்ற் ரின் ஒன்று நான் வாங்கித் தருகிறேன். வருகிற புதன்கிழமை அந்தப் பக்கம் வருவேன். நாயை மட்டும் கட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
பார்சல்காரப் பெடியன்