பத்தாம் வகுப்பு கணிதத் தேர்வு 11ஆம் தேதி இல்லை, 17ஆம் தேதி

பத்தாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்கு,

வணக்கம். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரையாண்டுத் தேர்வில் ஒரே ஒரு தாள் மட்டும் தள்ளிப்போகிறது. இம்மாதம் 11ஆம் தேதி வியாழக்கிழமை நடக்கவிருந்த கணிதத் தேர்வு 17ஆம் தேதி புதன்கிழமை நடக்கும். மற்ற நான்கு தாள்களும் ஏற்கெனவே சொன்ன தேதியில், சொன்ன நேரத்தில்தான்.

காரணம் இதுதான்: 11ஆம் தேதி நம் பள்ளிக் கட்டடம் முழுவதும் வெளியார் நடத்தும் ஒரு தேர்வுக்கு மையமாகிறது. அறைகள், மேசைகள், கண்காணிப்புக்கு நம் ஆசிரியர்களில் பாதிப்பேர் என எல்லாமே அவர்களுக்குப் போய்விடுவதால், அன்று நம் பிள்ளைகளை உட்கார வைக்க இடம் இல்லை. கடிதம் நமக்குப் போன வாரக் கடைசியில்தான் வந்தது. மறுக்க முடியாது.

இனி பின்பற்ற வேண்டிய அட்டவணை:

8, திங்கள்: தமிழ்
9, செவ்வாய்: ஆங்கிலம்
12, வெள்ளி: அறிவியல்
15, திங்கள்: சமூக அறிவியல்
17, புதன்: கணிதம்

"கணிதத்தை ஒரு நாள் முன்னால் 10ஆம் தேதியே வைத்துவிடலாமே, சீக்கிரம் முடிந்துவிடுமே" என்று இரண்டு மூன்று பேர் தொலைபேசியில் கேட்டார்கள். வைக்க மாட்டோம். தேர்வைத் தள்ளிவைத்தால் கொஞ்சம் எரிச்சல் வரும், அவ்வளவுதான். முன்னால் இழுத்தால், அந்த ஒரு நாளை நம்பித் திட்டம் போட்டுப் படித்த பிள்ளைதான் அடிவாங்கும், அதுவும் கணிதம் மாதிரி முந்தின நாள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய பாடத்தில். சரி, 12ஆம் தேதி வைத்து மற்றதையெல்லாம் ஒவ்வொரு நாளாகத் தள்ளலாமா என்றால், அப்போது அறிவியலும் சமூக அறிவியலும் மாறும், அந்தத் தேதிகளை நம்பி வீட்டில் ஏற்பாடு செய்தவர்கள் எல்லோருக்கும் குழப்பம். அதனால் ஒரு தாளை மட்டும் எடுத்துக் கடைசியில் வைத்தோம். முன்பு கணிதத்துக்கு முன்னால் ஒரு நாள் இடைவெளி இருந்தது, இப்போதும் 16ஆம் தேதி அந்த இடைவெளி இருக்கிறது. அன்று காலை 10 மணி முதல் 1 மணி வரை கணித ஆசிரியர்கள் பள்ளியில் இருப்பார்கள், சந்தேகம் இருப்பவர்கள் வரலாம். கட்டாயம் இல்லை.

மாறாதவற்றில் முக்கியமானது பாடப்பகுதி. தேர்வு ஆறு நாள் தள்ளிப்போகிறதே, இன்னும் ஒரு பாடத்தைச் சேர்த்துவிடுவார்களோ என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் நியாயமானதும்கூட. சேர்க்க மாட்டோம். வகுப்பில் எழுதிப்போட்ட அதே பாடப்பகுதிதான், வினாத்தாள் அமைப்பும் மதிப்பெண் பங்கீடும் அதேதான். அறையும் இருக்கை எண்ணும் மாறாது. 9.45க்கு இருக்கையில் இருக்க வேண்டும், 10 மணிக்கு வினாத்தாள், அதை வாசிக்க 10 நிமிடம், 10.10 முதல் 1.10 வரை எழுதும் நேரம். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை தேர்வு 18ஆம் தேதி தொடங்குகிறது, அதிலும் மாற்றம் இல்லை. பெற்றோர் சந்திப்பு 26ஆம் தேதி வெள்ளிக்கிழமையேதான். கணித விடைத்தாள் திருத்தக் கிடைக்கும் நாட்கள் குறைகின்றன, ஆனாலும் அன்று எல்லா விடைத்தாளும் உங்கள் கைக்கு வரும்.

11ஆம் தேதி பள்ளி எல்லா வகுப்புக்கும் விடுமுறை. தேதி மாறும்போது வழக்கமாக நடக்கிற கூத்து என்னவென்றால், பழைய தேதியில் நாலைந்து பிள்ளைகள் சீருடையோடு வந்து வாசலில் நிற்பார்கள். இந்த முறை வந்தால் உள்ளேயே விட மாட்டார்கள், வெளித்தேர்வு நடக்கும் நேரத்தில் வாசல் பூட்டியிருக்கும், அலுவலகமும் திறந்திருக்காது. இதைவிட மோசமானது, பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு 17ஆம் தேதி வராமல் போவது. 15ஆம் தேதியோடு தேர்வு முடிந்துவிட்டது என்று பையை மூடிவைத்துவிடுவார்கள். பழைய அட்டவணையின் படம் இன்னமும் வாட்ஸப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. புதியதை எப்படி அடையாளம் காண்பது? தலைப்பில் "திருத்திய அட்டவணை" என்று இருக்கும், கடைசி வரி கணிதமாக இருக்கும். கடைசி வரி சமூக அறிவியலாக இருந்தால் அது பழையது, கைப்பேசியிலிருந்தும் சுவரிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

கூடுதல் நேரம் பெறும் மாணவர்களின் பெற்றோர் இந்தப் பத்தியைக் கவனமாகப் படிக்கவும். உங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே கிடைத்த அனுமதி கணிதத்துக்கும் அப்படியே செல்லும், புதிதாக விண்ணப்பிக்க வேண்டாம். ஆனால் பிள்ளை சொல்வதை எழுதுபவர் விஷயம் வேறு. அவர் 11ஆம் தேதிக்குத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார், 17ஆம் தேதி அவரால் வர முடியுமா என்று நாங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வர முடியாதென்றால் வேறொருவரை ஏற்பாடு செய்து, தேர்வுக்கு முன்பே பிள்ளையோடு உட்கார வைத்து ஒரு பயிற்சித் தாள் எழுத வைப்போம். கணிதத்தில் இது அவசியம், பின்னத்தையும் வர்க்கமூலத்தையும் வாயால் எப்படிச் சொல்வது, படத்தை எப்படி வரையச் சொல்வது என்று இருவருக்கும் ஒரு பழக்கம் வந்திருக்க வேண்டும். அப்புறம் வண்டி. ஒரு மணி நேரம் கூடுதலாக எழுதுபவர்களுக்குத் தேர்வு 2.10க்குத்தான் முடியும், வழக்கமான தேர்வுநாள் பேருந்து 1.30க்கே கிளம்பிவிடும். அவர்களுக்காக 17ஆம் தேதி 2.30க்கு ஒரு வண்டி தனியாகப் போகும்.

15ஆம் தேதியோடு தேர்வு முடிகிறது என்று நம்பி 16, 17இல் பயணத்துக்குப் பதிவு செய்தவர்கள் இருப்பீர்கள். முடிந்தால் மாற்றுங்கள். முடியவே முடியாது என்றால் 4ஆம் தேதி வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் ஒரு கடிதம் கொடுங்கள், உங்கள் பிள்ளைக்கு 22ஆம் தேதி திங்கட்கிழமை வேறு வினாத்தாளோடு தேர்வு வைக்கிறோம். "எங்கள் பிள்ளைக்கு மட்டும் 16ஆம் தேதியே வைத்துவிடுங்கள்" என்று கேட்க வேண்டாம். ஒருவர் முந்தி எழுதினால் அந்த வினாத்தாள் அன்று சாயங்காலமே எல்லோர் கைப்பேசியிலும் இருக்கும். பிள்ளையைக் குறை சொல்லவில்லை, பதினைந்து வயதில் நண்பன் கேட்டால் யாரும் சொல்லத்தான் செய்வார்கள்.

இக்கடிதத்தின் கீழ்ப்பகுதியைக் கிழித்து, கையெழுத்துப் போட்டு, அதே 4ஆம் தேதிக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். வராத வீடுகளுக்கு 5ஆம் தேதி வகுப்பாசிரியர் தொலைபேசியில் பேசுவார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்