விழா அறிவிப்பை எழுதும் முன்: அறக்கட்டளை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நான்கு வருடமாக நம் ஆண்டு விழாவில் தன்னார்வலராக வேலை பார்க்கிறேன். அதில் மூன்று வருடம் பார்க்கிங் வாசலில்தான். இந்த வருட போஸ்டர் தயாராகிறது என்று கேள்விப்பட்டேன். போஸ்டருக்குக் கீழே போடும் கேப்ஷனைப் பற்றிப் பேசவே இதை எழுதுகிறேன். சென்ற முறை அதில் இருந்தது இவ்வளவுதான்: "மாலை 6 மணிக்கு விழா. அனைவரும் வருக. வாகன நிறுத்த வசதி உண்டு. தன்னார்வலர்கள் தொடர்பு கொள்ளவும்." இந்த நான்கு வரிகளால் வாசலில் என்ன நடந்தது என்பதை நின்று பார்த்தவன் நான்.

முதலில் அந்த 6 மணி. ஒரே ஒரு நேரத்தைச் சொன்னால் பெரும்பாலோர் அதற்கு அரை மணி நேரம் முன்னால் வந்து சேர்வார்கள். அவர்கள் மேல் தவறில்லை, நாம் சொன்னபடிதான் வருகிறார்கள். ஒரு காரை உள்ளே விட்டு, எந்த வரிசை என்று கை காட்டி, அடுத்த காரை அழைக்க எனக்கு ஒன்பது, பத்து விநாடி ஆகும். நிமிடத்துக்கு ஆறு கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் 180 கார் உள்ளே போகும். அதே அரை மணியில் 280 கார் வந்தால் 100 கார் சாலையில் நிற்கும். முன்னால் விடும் இடைவெளியோடு ஒரு காருக்கு ஏழு மீட்டர் என்றால் வரிசை 700 மீட்டர் நீளும். உள்ளே இடம் பாதி காலியாகக் கிடந்தபோதே சாலை அடைத்துக்கொண்டது இதனால்தான். இடம் போதவில்லை என்று கூட்டத்தில் பேசினோமே, உண்மையில் போதாமல் போனது நேரம். அடுத்த மைதானத்தையும் வாங்கித் தந்திருந்தால்கூட அதே வாசல், அதே வரிசைதான்.

கேப்ஷனில் மூன்று நேரம் வேண்டும். வாசல் திறக்கும் நேரம், மேடை நிகழ்ச்சி தொடங்கும் நேரம், கூட்டம் அதிகமாக இருக்கும் நேரம். மூன்றாவதைத்தான் யாரும் எழுதுவதில்லை. "5.30 முதல் 6.15 வரை வாசலில் நெரிசல் இருக்கும், குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வருபவர்கள் 5 மணிக்குள் வந்தால் சிரமம் இருக்காது" என்று போட்டால், அந்த அவசியம் உள்ளவர்கள் முன்னால் வந்துவிடுவார்கள். எல்லோரையும் 5 மணிக்கு வரச் சொல்லிவிடாதீர்கள், நெரிசல் அப்படியே ஒரு மணி நேரம் முன்னால் நகரும், அவ்வளவுதான். முன்னால் வருபவர்களுக்கு உள்ளே பார்க்க ஏதாவது இருக்கவும் வேண்டும். கண்காட்சி 4.30க்கே திறக்கிறது என்றால் அதைச் சொல்லுங்கள். அது தெரியாமல் ஒருவரும் 4.30க்கு வரமாட்டார்.

நெரிசல் நேரம் எது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. வாசலில் ஒருவர் அட்டையும் பேனாவுமாக நின்று, கால் மணிக்கு ஒரு கட்டம் என்று பிரித்து, வரும் கார்களுக்குக் கோடு போட்டால் போதும். கோடுகள் நெருங்கி நிற்கும் கட்டம்தான் அடுத்த வருடக் கேப்ஷனில் வர வேண்டிய நேரம்.

அடுத்தது "வசதி உண்டு". சென்ற வருடம் அரங்கத்தின் முன்வாசலில் ஒருவர் கார் கண்ணாடியை இறக்கி, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இங்கதானேங்க காட்டுது?" காட்டியது உண்மைதான். நாம் கொடுத்த லொகேஷன் அரங்கத்தின் முன்வாசலுக்கு. பார்க்கிங் நுழைவோ பின்பக்கச் சாலையில். பின் இருக்கையில் ஒரு பாட்டி, மடியில் ஊன்றுகோல். அவரை அங்கேயே இறக்கிவிடலாமா என்று கேட்டார்கள். இறக்கிவிடுவதற்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தால் நான் அதைக் காட்டியிருப்பேன். அப்படி ஒன்று இல்லை. அவர் மெல்ல இறங்கி முடிக்கும்வரை பின்னால் வந்த கார்கள் எல்லாம் நின்றன. நான்கில் ஒருவராவது முதலில் முன்வாசலுக்குத்தான் வந்தார்கள், அங்கே திரும்ப இடமில்லை.

அதனால் இரண்டு லொகேஷன் கொடுங்கள். ஒன்று கார் நுழையும் வாசலுக்கு, அதுவும் எந்தச் சாலையிலிருந்து திரும்ப வேண்டும் என்பதோடு. மற்றொன்று முதியவர்களையும் நடக்க முடியாதவர்களையும் இறக்கிவிடும் இடத்துக்கு. இருசக்கர வாகனங்களுக்கு வாசல் வேறு என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பார்க்கிங் நிறைந்தால் அடுத்து எங்கே என்பதும் முன்கூட்டியே இருக்கட்டும். வாசலில் வந்து நிற்பவரிடம் "நிறைஞ்சிடுச்சு" என்று சொல்லும்போது, அவர் எங்கே போவார் என்பதையும் சேர்த்துச் சொல்ல முடியாவிட்டால், அவர் அங்கேயேதான் நிற்பார்.

"தன்னார்வலர்கள் தொடர்பு கொள்ளவும்" என்றதற்கு நிறையப் பேர் வந்தார்கள், அதற்கு நன்றி. ஆனால் பெரும்பாலோர் மேடைக்கருகில் வேலை கேட்டார்கள். பார்க்கிங்கில் நாங்கள் நான்கு பேர், பிற்பகல் 4 மணியிலிருந்து இரவு 10 வரை, மாற்று ஆள் இல்லாமல். கணக்கு எளிது. நான்கு இடம், ஆறு மணி நேரம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால் எட்டுப் பேர். இடையில் தண்ணீர் குடிக்கவோ கழிவறைக்கோ போகிறவர் இடத்தில் நிற்க ஒவ்வொரு மூன்று மணி நேரத்துக்கும் ஒருவர். ஆக, பத்துப் பேர். "பார்க்கிங்குக்கு 10 பேர் தேவை, 4 முதல் 7 அல்லது 7 முதல் 10, டார்ச்சும் மூடிய காலணியும் அவசியம்" என்று எழுதினால் தன்னால் முடியுமா என்று படிப்பவரே பார்த்துக்கொள்வார். பெயர் கொடுக்கக் கடைசி நாளையும் போடுங்கள். விழாவன்று காலை வந்து சேர்பவருக்கு எங்கே என்ன இருக்கிறது என்று காட்ட யாருக்கும் நேரமிருக்காது.

7 முதல் 10 என்ற அந்த இரண்டாம் பகுதிக்குத்தான் ஆள் கிடைப்பது கடினம். ஆனால் ஆபத்து அதிகம் அப்போதுதான். வரும்போது ஒன்றரை மணி நேரத்தில் பரவி வந்தவர்கள், நிகழ்ச்சி முடிந்ததும் பத்து நிமிடத்தில் ஒன்றாக எழுந்து வருவார்கள். இருட்டில் கார்களுக்கு நடுவே குழந்தைகள் நடக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் நிற்க உங்களில் யாராவது ஒருவர் முன்வந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்று நம்புகிறேன்.

கடைசியாக எழுதும் முறை. போஸ்டர் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது, பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் செயலிகளும் பல நேரம் அதைச் சரியாக வாசிப்பதில்லை. ஆகவே நேரமும் இடமும் கேப்ஷனிலும் எழுத்தாகவே இருக்க வேண்டும். நீளமான கேப்ஷனில் முதல் இரண்டு மூன்று வரிதான் கண்ணில் படும், மீதி மடங்கிக்கொள்ளும். "அன்புடன் அழைக்கிறோம்" கீழே போகட்டும். முதல் வரியில் தேதி, கிழமை, ஆண்டு. ஆண்டு இல்லாத பழைய அறிவிப்பு சென்ற முறை மீண்டும் ஃபார்வர்டாகி, ஒரு குடும்பம் தவறான நாளில் வந்து பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்பியது. இரண்டாம் வரியில் மூன்று நேரங்கள். மூன்றாம் வரியில் கார் எந்தச் சாலை வழியாக வர வேண்டும் என்பது. நேரம் மாறினால் புதிய பதிவு மட்டும் போடாமல், பழைய கேப்ஷனையும் திருத்திவிடுங்கள். இரண்டு நேரங்கள் சுற்றினால் வாசலில் இருப்பவர்தான் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோடு போட்ட அட்டைகள் மூன்று வருடத்துக்கும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அடுத்த கூட்டத்துக்கு எடுத்துவருகிறேன். 7 முதல் 10 வரை பார்க்கிங்கில் என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பார்க்கிங் வாசல் தன்னார்வலர்